நிழல் குட்டையாகும் நேரம்

"குத்துக்கால் வச்சு உட்காருங்கம்மா. இப்ப கையை எங்கயும் ஊணாம எந்திரிங்க."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. முதலில் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்தாள். பிறகு தொடையில் வைத்து அழுத்தினாள். தன் உடம்பின் மேலேயே கைகளால் ஏறி வருகிறவளைப் போல, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து நின்றபோது மூச்சு வாங்கியது. வயது 41 தான். டாக்டர் எதுவும் சொல்லவில்லை. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே கால் எலும்பின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அக்கா "ஐயோ" என்று காலை இழுத்துக்கொண்டாள். நெஞ்செலும்பை அழுத்தியபோதும் அதே "ஐயோ".

பிறகுதான் கேட்டார்: "கடைசியா வெயில்ல எப்போம்மா நின்னீங்க?"

என் பெரியம்மா மகள் அவள். சென்னைப் புறநகரில், நான்கு பக்கமும் கட்டடம் நெருக்கி நிற்கும் ஓர் அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறாள். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். காலை ஒன்பது மணிக்குத் தையல் மிஷினில் உட்கார்ந்தால் இரவு சாப்பாட்டுக்குத்தான் எழுவாள். துணி காயப்போடுவது பால்கனியில். அங்கேயும் எதிர் வீட்டுச் சுவரின் நிழல். காய்கறி வண்டி வாசலுக்கே வந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் கோயிலுக்குப் போவாள், அதுவும் விளக்கு வைத்த பிறகு. வெயிலில் நின்றதை யோசித்துப் பார்த்தாள். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது என்றாள்.

இந்தக் கேள்வி வந்து சேர இரண்டு வருஷம் ஆயிற்று. ஆரம்பத்தில் இடுப்பிலும் தொடையிலும் ஒரு மந்தமான வலி. குத்துவது போலவோ சுண்டுவது போலவோ இல்லை. எலும்புக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்குவது போல என்பாள். பிறகு விலா வலித்தது. ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போயிற்று. மிஷினில் குனிந்தே உட்கார்வதால் எலும்பு தேய்ந்துவிட்டது என்றார் ஒருவர், இடுப்பு பெல்ட் கொடுத்தார். வாயு என்றார் இன்னொருவர். இன்னொரு இடத்தில் முடக்குவாதத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்து, இல்லை என்றதும், "மனசுல ஏதாவது கவலையாம்மா?" என்று கேட்டு தூக்க மாத்திரை எழுதினார்கள். வலி மாத்திரை மட்டும் எல்லாச் சீட்டிலும் இருந்தது. பேருந்துப் படி ஏற மேல்கம்பியைப் பிடித்துத் தன்னை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்ததையும், தலை வாரக் கையைத் தூக்கினால் தோள் சோர்ந்துபோனதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வலியைத்தான் கேட்பார்கள்; பலத்தைக் கேட்கிறவர்கள் குறைவு.

எலும்பில் மந்தமான வலி, இடுப்பையும் தோளையும் சுற்றியுள்ள பெரிய தசைகளில் பலவீனம். இந்த இரண்டும் ஒன்றாக வந்து, ஆளும் வெயில் படாதவராக இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வைட்டமின் டி பற்றாக்குறையால் எலும்பு மிருதுவாகும் நோயை. ஆஸ்டியோமலேசியா என்பார்கள். குழந்தைகளுக்கு இதே பற்றாக்குறை வந்தால் கால் வளைந்து ரிக்கெட்ஸ் ஆகிறது. வளர்ந்தவர்களின் எலும்பு அப்படி வளையாது. வலியும் தளர்ச்சியும்தான் காட்டிக்கொடுக்கும்.

எலும்பு ஒரு முறை கட்டி முடித்த வீடு அல்ல. தினமும் ஒரு மூலையில் இடிப்பதும் இன்னொரு மூலையில் கட்டுவதுமாக ஆயுள் முழுக்க வேலை நடந்துகொண்டே இருக்கும். புது எலும்பு கட்டும் செல்கள் முதலில் புரதத்தால் ஒரு சட்டகம் பின்னும். கொத்தனார் கம்பி கட்டுகிற மாதிரி. அதன் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து இறுகும்போதுதான் அது எலும்பு. அதுதான் கலவை. கலவை வரவில்லையென்றால் கம்பி வெறுமனே நிற்கும். இந்த மிருதுவான சட்டகம் நீரை இழுத்து ஊதுகிறது என்றும், எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வை உள்ளிருந்து தள்ளுகிறது என்றும் ஒரு விளக்கம் உண்டு. அந்தச் சவ்வு முழுக்க நரம்பு முனைகள். தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கும் இடங்களில், அதாவது முன்னங்கால் எலும்பிலும் நெஞ்செலும்பிலும் விரலால் அழுத்தினால் வலிப்பது இதனால்தான்.

இதைப் பலர் எலும்புத் தேய்மானத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். தேய்மானத்தில் கலவை நன்றாகவே இறுகியிருக்கும். தூண்கள்தான் மெலிந்து, எண்ணிக்கையிலும் குறைந்திருக்கும். உடையும் வரை அது வலிப்பதில்லை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேனில் இரண்டுமே "குறைவு" என்றுதான் காட்டும். அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தேய்மான மருந்தைத் தொடங்கினால் இந்த நோயாளிக்குக் கெடுதலே ஆகலாம்.

கலவை ஏன் வரவில்லை? சாப்பாட்டில் கால்சியம் இல்லாததால் மட்டும் அல்ல. அக்கா இரண்டு வருஷமாகக் கால்சியம் மாத்திரை விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். குடல் கால்சியத்தை உள்ளே எடுக்க வைட்டமின் டி வேண்டும். அது போதுமான அளவு இருந்தால், சாப்பிட்ட கால்சியத்தில் 30 முதல் 40 சதவீதம் வரை உடம்பில் சேரும். இல்லாவிட்டால் 10, 15 சதவீதம்தான். மிச்சம் வெளியே போய்விடும். வாசற்கதவைப் பூட்டிவிட்டு மூட்டை மூட்டையாகச் சரக்கு இறக்கி என்ன பயன்?

அப்படியானால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து பரிசோதனையில் தெரியவேண்டுமே என்று தோன்றும். பலர் ஏமாறுவது இங்கேதான். கால்சியம் குறைந்தால் இதயத்தின் துடிப்பும் நரம்பின் வேலையும் தடுமாறிவிடும் என்பதால், உடம்பு அதை எளிதில் குறைய விடாது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால், பாராதைராய்டு என்று பயறு அளவில் நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. கால்சியம் சற்று இறங்கியதும் அவை விழித்துக்கொண்டு ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தைக் கடனாக எடுத்து ரத்தத்தில் போடும். ரத்தக் கணக்கு நேராகிவிடும். எலும்பின் கணக்கில் பற்று ஏறும். அதோடு நிற்காமல் அந்த ஹார்மோன் சிறுநீர் வழியே பாஸ்பேட்டையும் வெளியேற்றிவிடுகிறது. கலவையின் மறுபாதியும் போயிற்று. அக்காவின் பழைய ரிப்போர்ட்டில் கால்சியம் 8.6. அதற்கு எதிரே "நார்மல்" என்று எழுதி ஒரு டிக் அடித்திருந்தார்கள்.

இந்த டாக்டர் பார்த்தது வேறு எண்களை. எலும்பு கட்டும் செல்கள் வெறும் கம்பியைக் கட்டிக்கொண்டே திணறும்போது ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ரத்தத்தில் ஏறும். அது 120க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்த லேப் தாளில் அக்காவுக்கு 310. பாஸ்பரஸ் 2.1, குறைவு. பாராதைராய்டு ஹார்மோன் உச்ச வரம்பைப்போல் மூன்று மடங்கு. வைட்டமின் டி 5. இடுப்பு எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்துப் பக்கம், உள் ஓரத்தில், பென்சிலால் கீறி அழித்தது போல வெளிறிய ஒரு கோடு. முழு முறிவு இல்லை; மிருதுவான எலும்பு எடை தாங்காமல் விட்ட விரிசல், ஆறுவதற்குக் கலவை இல்லாமல் அப்படியே நிற்கிறது. இந்த நோயின் கையெழுத்து அது. லூசர் கோடு என்பது அதன் பெயர். பழைய எக்ஸ்ரேயிலும் அது இருந்தது. யாரும் தேடவில்லை.

தசையின் கதை இன்னும் முழுக்கத் துலங்கவில்லை. ஆனாலும் தசைச் செல்களுக்கும் வைட்டமின் டி தேவை என்பதும், பற்றாக்குறையில் திடீர் விசைக்கு உதவும் வேகமான தசைநார்கள்தான் முதலில் சூம்புகின்றன என்பதும் தெரிந்தவை. தரையிலிருந்து எழுவது, படி ஏறுவது, தடுக்கி விழப்போகும்போது சட்டென்று காலை ஊன்றிக்கொள்வது, எல்லாம் அந்த நார்களின் வேலை. கையின் பிடி கெடுவதில்லை. அக்காவால் ஊசியில் நூல் கோக்க முடிந்தது, தரையில் விழுந்த ஊசியை எடுத்துக்கொண்டு எழத்தான் முடியவில்லை.

இனி வெயிலுக்கு வருவோம். நம் ஊரில் இதைப் பற்றி ஒரு பெரிய தப்பெண்ணம் இருக்கிறது. "இளவெயில் நல்லது, காலை ஏழு மணிக்குக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்" என்று சொல்லாத ஆள் கிடையாது. கைக்குழந்தையைக்கூட அந்த நேரத்தில்தான் காட்டுகிறோம். இளவெயில் சுகமாக இருக்கும். மனசுக்கும் நல்லதாக இருக்கலாம். வைட்டமின் டி மட்டும் அதில் அநேகமாகக் கிடைக்காது.

காரணம் எளிது. நம் தோலில் கொலஸ்ட்ராலோடு தொடர்புடைய ஒரு பொருள் காத்திருக்கிறது. சூரிய ஒளியில் புற ஊதா பி என்ற பகுதி பட்டால்தான் அது வைட்டமின் டி ஆக மாறத் தொடங்கும். பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இரண்டு முறை பட்டை தீட்டப்பட்டு வேலைக்கு வரும். காற்று மண்டலத்தில் உள்ள ஓசோன் இந்தப் பகுதியை விழுங்கக்கூடியது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது கதிர் சாய்ந்து, ஓசோனில் நெடுந்தூரம் நடந்து வருகிறது; வந்து சேரும்போது புற ஊதா பி ஏறக்குறைய தீர்ந்துபோயிருக்கும். உச்சிக்கு வர வர வழி குறையும், கதிர் பிழைக்கும். திருப்பதியில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில், மூலப்பொருளைச் சிறு குப்பிகளில் வைத்து மணிக்கு மணி வெயில் காட்டியபோது, பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில்தான் மாற்றம் அதிகமாக நடந்தது. சென்னையும் திருப்பதியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பவை.

கடிகாரம் வேண்டாம் என்றால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயில் உதவும். நீளமாக இருந்தால் உதவுவது சொற்பம். சென்னையில் சித்திரை பிறக்கும் நாட்களில் காலை ஒன்பது மணி வாக்கிலேயே நிழல் உயரத்துக்குச் சமமாகிவிடும். மார்கழியில் பத்தேகால் மணிக்கு மேல், ஒன்றே முக்கால் வரைக்கும்தான் அந்த வாய்ப்பு. காலை ஏழு மணிக்கு? தென்னைமரம் சாய்ந்த மாதிரி நீண்டு கிடக்கும்.

கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலும் கணக்கில் சேராது. வெளிச்சமும் சூடும் உள்ளே வரும். புற ஊதா பி கண்ணாடியிலேயே நின்றுவிடும். காரின் பக்கக் கண்ணாடி ஓரம் கை சுடச்சுட அலுவலகம் போகிறவருக்கும், ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் செய்தித்தாள் படிக்கும் தாத்தாவுக்கும் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கறுத்த தோலில் உள்ள நிறமி இயற்கையான குடை என்பதால், வெளிறிய தோல்காரர்களைவிட நமக்கு நேரம் கூடுதலாக வேண்டும். முகம், கை, முழங்கால் வரை கால் திறந்திருக்க, வாரத்தில் மூன்று நான்கு நாள் அரை மணி நேரம் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. மூன்று மணி நேரம் நின்றால் ஆறு மடங்கு கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் தோல் அதைப் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. கத்திரி வெயிலில் உச்சிப்பொழுதில் நிற்பது மயக்கத்தைத்தான் தரும். அப்போது ஒன்பதரை மணியே போதும்.

வெயில் கொழிக்கும் நாட்டிலா இந்தப் பற்றாக்குறை என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. இது நேற்று வந்த அடுக்குமாடி நோய் அல்ல. 1920களில் காஷ்மீரில் வேலை பார்த்த கேத்லீன் வாகன் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், பிரசவத்தில் குழந்தை வெளியே வர வழியில்லாதபடி இடுப்பெலும்பு நெரிந்த பெண்களைத் தொடர்ந்து பார்த்தார். அவர்கள் பர்தா முறையில் வீட்டுக்குள் அடைபட்ட பெண்கள். அதே ஊரில் படகில் வாழ்ந்த பெண்களும் வயலில் வேலை செய்த பெண்களும் அப்படி அவதிப்படவில்லை. காற்று ஒன்று, தண்ணீர் ஒன்று. வெயில் பட்டதும் படாததும்தான் வித்தியாசம். ஊரில் எவ்வளவு வெயில் அடிக்கிறது என்பது எலும்புக்குத் தெரியாது. தோலில் எவ்வளவு விழுந்தது என்பதுதான் தெரியும். இன்று வீட்டுக்குள் அடைப்பவர் யாரும் வேண்டாம். தையல் மிஷின், இரவு ஷிப்ட், ஏசி அறை, எதிர் வீட்டுச் சுவர் இவை போதும்.

சாப்பாட்டால் ஈடுகட்டலாமா என்றால், கடினம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் வேண்டும். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 தான் இருக்கிறது. மத்தி போன்ற கொழுப்புள்ள மீனில் ஓரளவு உண்டு. நம் சோறு, சாம்பார், கீரையில் அநேகமாக இல்லை. கேழ்வரகில் கால்சியம் நிறைய, டி கிடையாது.

அக்காவுக்குக் கொடுத்தது 60,000 யூனிட் பவுடர் பாக்கெட், வாரம் ஒன்று, எட்டு வாரம். இது கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாலில் கலக்கிக் குடியுங்கள் என்றார்கள். கால்சியம் மாத்திரையும் தொடர்ந்தது. இப்போதுதான் அது உண்மையில் வேலை செய்யத் தொடங்கியது, ஏனென்றால் குடல் அதை உள்ளே எடுக்க வைட்டமின் டி வந்துவிட்டது. விரிசல் விட்ட தொடைக்காகக் கொஞ்ச நாள் கைத்தடி. மூன்றாவது வாரத்தில் பேருந்துப் படியில் கம்பியை இழுக்காமல் ஏறியதாகப் போன் செய்தாள். பலம் முதலில் வந்தது. வலி அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. கலவை இறுக மாதங்கள் ஆகும். விலா வலி அடங்க ஐந்து மாதம். கடைசியில் எடுத்த எக்ஸ்ரேயில் அந்த வெளிறிய கோடு மூடியிருந்தது. எட்டு வாரத்துக்குப் பிறகு மாதம் ஒரு பாக்கெட் என்று குறைத்தார்கள்.

டோஸ் குறைந்த அன்று மருந்துக்கடை வாசலில் வைத்து அவள் சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாள் அதே பவுடரை வாரம் ஒன்று என்பதைக் காதில் வாங்காமல், தினமும் ஒன்றாக ஒன்றரை மாதம் குடித்திருக்கிறார். கூட்டிப் பார்த்தால் 27 லட்சம் யூனிட். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், பேச்சில் குழப்பம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. இது சிறுநீரில் போய்விடும் சத்து மாத்திரை இல்லை. கொழுப்பில் தங்கும், இறங்க வாரங்கள், மாதங்கள்கூட ஆகும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் டி அளவு 22 என்று வந்து, சிவப்பு எழுத்தைப் பார்த்து, "என் முதுகு வலிக்கு இதுதான் காரணம்" என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். எலும்பு மிருதுவாகும் நோய் பெரும்பாலும் 10க்குக் கீழே போய், நெடுநாள் அங்கேயே கிடந்தால்தான் வரும். 20 இருந்தாலே பெரும்பாலானோருக்குப் போதும் என்று 2011இல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் குழு சொன்னது. பற்றாக்குறை இருக்கிறதா என்று பார்க்காமல் 25,000க்கும் மேற்பட்டவர்களுக்குச் சில ஆண்டுகள் டி மாத்திரையும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. எலும்பு முறிவு இரு தரப்பிலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. இல்லாதவருக்கு மருந்து, இருப்பவருக்கு வெறும் செலவு. 22 இருக்கும்போது முதுகு வலித்தால் காரணத்தை வேறு எங்காவது தேட வேண்டும்.

மாறாக, வெயிலில் நன்றாக நடமாடுகிற ஒருவருக்கு அளவு 6 என்று வந்தால் அதுவும் யோசிக்க வைக்கும். குடல் சத்தை உறிஞ்சாத நோயோ, கல்லீரல், சிறுநீரகக் கோளாறோ, வலிப்புக்கான சில பழைய மாத்திரைகளோ காரணமாக இருக்கலாம். அங்கே பவுடர் மட்டும் போதாது.

அக்கா இப்போது வற்றல் காயப்போடும் சாக்கில் பதினொரு மணிக்கு மொட்டைமாடிக்குப் போகிறாள். கறுத்துவிட்டாய் என்று பெரியம்மா குறைப்பட்டுக்கொள்கிறார்.

இதைப் படித்து முடித்ததும், மாதக்கணக்கில் எலும்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டாரைக் குத்துக்கால் வைத்து உட்காரச் சொல்லி, கை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். விழாமல் பிடித்துக்கொள்ள நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முட்டி வலியால் எழ முடியாவிட்டால் அது வேறு. தொடையில் பலமே இல்லாமல் எழ முடியாவிட்டால் அடுத்த வலி மாத்திரை அட்டையை வாங்காதீர்கள். டாக்டரிடம் போய், வைட்டமின் டியோடு ஆல்கலைன் பாஸ்படேஸும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். பவுடர் எழுதிக் கொடுத்தால், எந்தக் கிழமை குடிக்க வேண்டும் என்பதைப் பாக்கெட் மேலேயே பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.